காலி செய்யும் நாளில் மீட்டரும் சிலிண்டரும்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது இரண்டு இணைப்புகளுக்குக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மின்சாரம், மற்றொன்று சமையல் காஸ். இரண்டுக்கும் டெபாசிட் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரிதான் முடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. மின் இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அதன் டெபாசிட்டும் அவருடையதே. காஸ் இணைப்பு குடியிருப்பவரின் சொந்தப் பெயரில் இருக்கும். அதனால் குடியிருப்பவர் மின்வாரியத்தில் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை, ஆனால் கடைசி ரீடிங்கை வைத்து வீட்டுக்காரரோடு கணக்குத் தீர்க்க வேண்டும். காஸில் ரீடிங் என்று ஒன்றும் கிடையாது, ஆனால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் முறைப்படி ஒப்படைத்தால்தான் டெபாசிட் திரும்பும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சென்னை குரோம்பேட்டையில் மாதம் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார்கள். வேலை மாறி மதுரைக்குப் போகிறார்கள். வீட்டைக் காலி செய்யும் நாள் ஜூலை 10. அந்தத் தெருவுக்கு ஈபி ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 6-ஆம் தேதி வாக்கில் வருவார். கடைசியாக ஜூன் 6 அன்று வந்தார், மீட்டரில் 14,320 இருந்தது. இனி அவர் வரப்போவது ஆகஸ்ட் 6-இல். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: குடும்பம் போவது கணக்கின் நடுவில்.

காலி செய்கிற அன்று காலையில், சாமான் ஏற்றும் ஆட்கள் வருவதற்கு முன்பே, மீட்டரைப் படம் எடுத்துவிட வேண்டும். இதிலும் கவனம் தேவை. இப்போதைய மின்னணு மீட்டர்களின் திரையில் ஒரே எண் நிலையாக நிற்பதில்லை. தேதி, நேரம், யூனிட், உச்ச சுமை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். பக்கத்தில் kWh என்று காட்டும் எண்தான் யூனிட். வெறும் kW என்றோ kVAh என்றோ காட்டுவது வேறு அளவு. அவசரத்தில் அதைப் படம் எடுத்துவிட்டு, பிறகு "ரீடிங் பொருந்தவில்லையே" என்று இரு தரப்பும் குழம்புவது உண்டு. படத்தில் kWh என்ற எழுத்தும், மீட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணும் சேர்ந்து தெரிய வேண்டும். வீட்டுக்காரரையோ அவர் வீட்டில் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்து, அங்கேயே அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

நாலைந்து குடித்தனம் இருக்கிற வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பெயின்டில் எழுதிய சர்வீஸ் நம்பர் அழிந்துபோயிருக்கும். எது உங்கள் மீட்டர் என்று சந்தேகம் வந்தால் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கும். மின்சாரம் ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப அதன் வேகமும் கூடும், குறையும். உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து பாருங்கள். மினுக்குவது நின்ற மீட்டர்தான் உங்களுடையது. அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், அது வேறொருவர் மீட்டராக இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் மீட்டரிலிருந்து வேறு எதற்கோ, பெரும்பாலும் மோட்டாருக்கோ மாடிப்படி விளக்குக்கோ, கம்பி போகிறது. இந்தச் சோதனையைக் குடிவரும் நாளிலேயே செய்வது நல்லது. காலி செய்யும் நாளில் தெரிந்தால், இதுவரை கட்டிய பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கவே முடியாது.

குரோம்பேட்டைக் குடும்பம் எடுத்த படத்தில் 14,600 இருக்கிறது. ஆக, ஜூன் 6-க்குப் பிறகு அவர்கள் ஓட்டியது 280 யூனிட். இதற்கு என்ன பணம்? அட்வான்ஸ் கணக்கில் தகராறு வருவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான்.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் பிடிச்சுக்கிறேன் தம்பி, பில் வந்ததும் பாத்துக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். "280 யூனிட்டுக்கு அவ்வளவு வராதுங்க சார், அறுநூறு ரூபாய்தான்" என்பார் குடியிருப்பவர். இருவருமே மனமறிந்து ஏமாற்றுவதில்லை. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால்தான் இருவருக்கும் வேறுவேறு தொகை வருகிறது.

2024 ஜூலையில் வந்த கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற சலுகைப் படி இல்லாமல் போகும். 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும், 501 முதல் 600 வரை 8.40. அதற்கு மேல் இன்னும் ஏறும்.

குடியிருப்பவர் தன் 280 யூனிட்டைத் தனியாக வைத்துப் பார்க்கிறார். முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 235, மீதி எண்பதுக்கு 376, ஆக மொத்தம் 611 ரூபாய். கணக்கில் தவறில்லை. ஆனால் ஆகஸ்ட் 6 வரை வீடு பூட்டியே கிடந்தால்தான் அது செல்லும். ஜூலை 15-ஆம் தேதி புதுக் குடித்தனம் வந்து, ஆகஸ்ட் 6 வரை 240 யூனிட் ஓட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரியத்துக்கு இரண்டு குடும்பம் என்ற கணக்கில்லை. ஒரே சர்வீஸ், 520 யூனிட். பில் எவ்வளவு வரும்? 100 இலவசம், அடுத்த 300-க்கு 1,410, அடுத்த 100-க்கு 630, கடைசி 20-க்கு 168. மொத்தம் 2,208 ரூபாய். புதிதாக வந்தவரும் தன் 240 யூனிட்டைத் தனியாகக் கணக்குப் பார்த்து 423 ரூபாய்தான் தருவேன் என்றால், இருவர் தருவதும் சேர்ந்து 1,034. மீதி 1,174 வீட்டுக்காரர் தலையில் விழும். இலவச நூறையும் மலிவான படிகளையும் இருவரும் தனித்தனியே எடுத்துக்கொள்வதால் வந்த துண்டு இது.

இதற்குப் பயந்துதான் சில வீட்டுக்காரர்கள் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று மொத்தமாகப் போடுகிறார்கள். நம் குடும்பத்தின் 280 யூனிட்டை எட்டால் பெருக்கினால் 2,240 ரூபாய். இரண்டு குடும்பங்களின் முழு பில்லை விடவும் அதிகம்! வீட்டுக்காரரின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை முழுக்க ஒருவரிடமே வாங்குவது நியாயமில்லை.

எனக்குச் சரியாகப் படுவது இது. பொறுக்க முடியுமானால் ஆகஸ்ட் பில் வரும்வரை ஒரு சிறு தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, வந்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பது. 2,208 ரூபாயை 520-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4.25 ரூபாய். 280 யூனிட்டுக்கு 1,189 ரூபாய், புதியவருக்கு 1,019 ரூபாய். யாரும் இலவசத்தை இருமுறை எடுத்துக்கொள்ளவில்லை. இதிலும் ஒரு குறை உண்டு. புதியவர் ஏசி ஓட்டி மொத்தத்தை 500-க்கு மேல் தள்ளினால், போனவரும் அதில் பங்கு சுமக்கிறார். இதே பில் 500 யூனிட்டில் நின்றிருந்தால் 1,805 ரூபாய்தான். கடைசி 20 யூனிட்டுக்காக 403 ரூபாய் கூடியிருக்கிறது.

அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கும், ஊர் மாறிப் போகிறவர்களுக்கும், அன்றே முடித்துக்கொள்ள இன்னொரு வழி இருக்கிறது. மின்வாரிய இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைக் கொடுத்தால் பழைய பில்கள் தேதிவாரியாக வரும். கடைசிப் பில்லில் யூனிட்டுக்குச் சராசரியாக என்ன விழுந்தது என்று பார்த்து அதையே இப்போதும் போடலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்த வீட்டில் 430 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,364 ரூபாய், சராசரி 3.17. 280 யூனிட்டுக்கு 888 ரூபாய். வீட்டுக்காரருக்கும் ஒரு ஆதாரம் இருக்கிறது, குடியிருப்பவருக்கும் அன்றே கணக்கு முடிந்த நிம்மதி. இந்த இரண்டில் எதுவானாலும் அதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தால் பேச்சே வராது. புதிதாக வருகிறவர் உள்ளே வரும்போது மீட்டரை மறுபடி படம் எடுக்க வேண்டும். வீடு காலியாகக் கிடந்த ஐந்து நாளில் பெயின்டர் வேலை பார்த்திருந்தால், அந்த யூனிட் இரண்டு குடித்தனத்தையும் சேராது. அது வீட்டுக்காரர் கணக்கு.

வீடு நீண்ட நாள் பூட்டிக் கிடக்கப் போகிறது, மீட்டரும் வீட்டுக்குள் இருக்கிறது என்றால் வேறு ஒரு கோளாறு வரும். ரீடிங் எடுக்க வந்தவர் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, முந்தைய பயன்பாட்டை வைத்து பில் போட்டுவிடுவதுண்டு. யாருமில்லாத வீட்டுக்கு நாலு பேர் இருந்த காலத்து பில் வரும். அடுத்த ரீடிங்கில் அது சரிசெய்யப்பட்டுவிடும் என்றாலும், நடுவில் "நீங்கள் ஓட்டியதுதான்" என்று பழைய குடித்தனத்துக்கு போன் வரும். காலி செய்த நாளின் படம் அப்போதுதான் கைகொடுக்கும்.

குடியிருப்பவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு பணம் இருக்கிறது. மின்வாரியம் ஒவ்வொரு இணைப்பிலும் வைத்திருக்கும் டெபாசிட் போதுமானதா என்று அவ்வப்போது பார்க்கும். பயன்பாடு கூடியிருந்தால் கூடுதல் வைப்புத்தொகை கேட்கும். அந்தத் தொகை கரண்ட் பில்லோடு சேர்ந்தே கட்டச் சொல்லி வரும்போது, குடியிருப்பவர் போனிலேயே மொத்தமாகக் கட்டிவிடுகிறார். அந்த மாதம் பில் கொஞ்சம் அதிகம் என்று நினைத்து மறந்தும் விடுகிறார். ஆனால் அது செலவான மின்சாரத்துக்கான கட்டணம் இல்லை. வீட்டுக்காரர் பெயரில் வாரியத்தில் நிற்கிற பணம். நீங்கள் போன பிறகும் அது அங்கேயே நிற்கும், என்றைக்காவது வீட்டுக்காரருக்குத்தான் திரும்பும். ஆகவே நீங்கள் இருந்த காலத்து ரசீதுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வைப்புத்தொகை என்று ஏதாவது கட்டியிருந்தால், ரசீதைக் காட்டி அட்வான்ஸோடு சேர்த்துக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தத் தொகைக்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, டெபாசிட்டுக்கு வட்டி தர வேண்டும் என்றும், கட்டியவர் கேட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆதார் இணைப்பைப் பற்றியும் ஒரு சந்தேகம் பரவலாக இருக்கிறது. 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை வீட்டு மின் இணைப்புகளோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, பல வீடுகளில் குடியிருப்பவர்கள் தங்கள் எண்ணையே கொடுத்தார்கள். அதனால் இணைப்பு அவர்கள் பெயருக்கு மாறிவிடவில்லை, டெபாசிட்டிலும் உரிமை வராது. காலி செய்யும்போது வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் எண்ணையோ புதியவர் எண்ணையோ இணைக்கச் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

வீடு சொந்தமாக இருந்து, அதை விற்றுவிட்டுப் போகிறவர்கள் இணைப்பை ஒப்படைக்கத் தேவையில்லை. பெயர் மாற்றம்தான் செய்ய வேண்டும். டெபாசிட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதக் கடிதம் கொடுத்தால் புதியவர் மறுபடி டெபாசிட் கட்ட வேண்டாம். அப்படியானால் அந்தத் தொகையை வீட்டு விலையோடு சேர்த்து வாங்கிவிட வேண்டும். இணைப்பையே அகற்றுவது வீட்டை இடிக்கும்போதுதான். அப்போது பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கடைசி ரீடிங் எடுக்கச் சொல்லி, மீட்டரைக் கழற்றி ஒப்படைத்த பிறகு, பாக்கி போக மின்நுகர்வு டெபாசிட்டும் மீட்டர் டெபாசிட்டும் திரும்பும். இணைப்பு வாங்கியபோது கட்டிய வளர்ச்சிக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் திரும்பாது.

வீட்டுக்காரர்கள் மின்பாக்கிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பாக்கி ஆளோடு போவதில்லை, கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. கே.சி. நினான் எதிர் கேரள மாநில மின்வாரியம் என்ற வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முந்தைய உரிமையாளர் வைத்த மின்பாக்கியைக் கட்டினால்தான் புதிய இணைப்பு என்று நிபந்தனை போட மின்வாரியத்துக்கு விதிகள் இடம் தரலாம் என்றது. உரிமையாளர் மாறினாலே அப்படி என்றால், குடியிருந்தவர் கட்டாமல் போன பில் வீட்டுக்காரரை விடாது. அவர் ஒரு தொகையை நிறுத்தி வைப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஆனால் நிறுத்தி வைப்பதற்கும் எல்லை உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நம் குடும்பம் கொடுத்திருந்த அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 42,000 ரூபாய். கரண்ட் பில்லுக்கு ஆயிரத்து ஐந்நூறு நிறுத்துவது வேறு, அந்த பில் வரும்வரை நாற்பத்திரண்டாயிரத்தையும் நிறுத்துவது வேறு. இரண்டாவதற்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.

இனி காஸ். இது முழுக்க உங்கள் பெயரில் இருப்பது. அதனால் இதை முடிக்க வேண்டியவரும் நீங்கள்தான். இணைப்பு வாங்கிய நாளில் ஏஜென்சி ஒரு தாள் கொடுத்திருக்கும், சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சர் என்று அதற்குப் பெயர். ஏஜென்சியில் எஸ்.வி. என்பார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை ரெகுலேட்டர், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு டெபாசிட் கட்டினீர்கள் என்று அதில் இருக்கும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் கம்பெனிக்குச் சொந்தம், நீங்கள் வைத்துப் புழங்குவதற்காகக் கட்டியதே டெபாசிட். அடுப்பும் ரப்பர் குழாயும் உங்களுடையவை, அவற்றைத் திருப்பித் தர வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, எங்கே போகிறீர்கள் என்பது. அதே ஏஜென்சி வருகிற பகுதிக்குள்ளேயே வீடு மாறினால் முகவரியை மாற்றினால் போதும். அதே ஊருக்குள், வேறு ஏஜென்சி எல்லைக்குப் போனால் பழைய ஏஜென்சி இணைப்பை அங்கே மாற்றிக் கொடுக்கும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சாமானோடு சாமானாக எடுத்துப் போகலாம். டெபாசிட் அப்படியே தொடரும். இதற்குப் போய் இணைப்பையே முடித்துவிட்டுப் புதிதாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய விகிதத்தில் பணம் திரும்பும், புதிய விகிதத்தில் கட்ட வேண்டிவரும்.

மதுரைக்குப் போகிற நம் குடும்பத்துக்கு நிலைமை வேறு. சிலிண்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. குரோம்பேட்டை ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் வாங்க வேண்டும். டி.வி. என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். மதுரையில் அந்தத் தாளைக் காட்டி, அங்கே டெபாசிட் கட்டினால் இணைப்பு தொடரும். அங்கே புது அடுப்பும் வாங்கியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அதற்குக் கட்டாயம் இல்லை.

ஒப்படைக்கப் போகும்போது எஸ்.வி., ஏஜென்சி கொடுத்த காஸ் புத்தகம், அடையாள அட்டை, சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் வேண்டும். இரண்டு சிலிண்டர் இணைப்பு என்றால் இரண்டையும் கொண்டு போக வேண்டும். ஒன்றை அம்மா வீட்டில் வைத்திருந்தால் முன்கூட்டியே வரவழைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் காஸுக்குப் பணம் தர மாட்டார்கள். ஆகவே காலி செய்வதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே யோசித்து, கடைசியாக ஒரு சிலிண்டர் பதிவு செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது நல்லது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று குலுக்கிப் பார்க்க வேண்டாம். சிலிண்டரின் மேல்புறத்தில் காலிச் சிலிண்டரின் எடை பொறிக்கப்பட்டிருக்கும், ஏறத்தாழ 15, 16 கிலோ இருக்கும். நிறுத்துப் பார்த்து அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் காஸ் தெரிந்துவிடும். நாலு கிலோ இருந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு சிறு குடும்பம் சமாளித்துவிடலாம். ரெகுலேட்டர் மறந்துபோகிற பொருள். அது தொலைந்துவிட்டால் அதன் டெபாசிட் கிடைக்காது, மேற்கொண்டு பணம் கேட்பதும் உண்டு.

எவ்வளவு திரும்பும்? இங்கே பலருக்கு ஏமாற்றம். 14.2 கிலோ சிலிண்டரின் டெபாசிட் 2022 ஜூன் 16 அன்று 1,450-இலிருந்து 2,200 ரூபாய்க்கு உயர்ந்தது. ரெகுலேட்டர் 150-இலிருந்து 250 ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் 2,450 கட்டி இணைப்பு வாங்கியதைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் அதே தொகை வரும் என்று போய் நிற்கிறார்கள். திரும்புவது இன்றைய விகிதம் அல்ல, உங்கள் எஸ்.வி.யில் அச்சான தொகை. நம் குடும்பம் 2021-இல் ஒரு சிலிண்டரோடு இணைப்பு வாங்கியது. அப்போது கட்டியது சிலிண்டருக்கு 1,450, ரெகுலேட்டருக்கு 150. 2023-இல் இரண்டாவது சிலிண்டர் வாங்கினார்கள், அதற்கு 2,200. இரண்டாவதற்கும் தனியாக ஒரு வவுச்சர் உண்டு. ஆக, திரும்ப வேண்டியது 3,800 ரூபாய். முதல் வவுச்சரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது சிலிண்டரின் 2,200-ஐக் கேட்க மறந்து வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. மின்சார டெபாசிட் போல இதற்கு வட்டி கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால் சில நூறு ரூபாய் கட்டியவருக்கு அதே சில நூறுதான் திரும்பும்.

உஜ்வலா திட்டத்தில் கிடைத்த இணைப்பானாலும், 2007-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச காஸ் அடுப்புத் திட்டத்தில் வந்ததானாலும், டெபாசிட்டை அரசு ஏற்றுக்கொண்டது. குடும்பம் கட்டவில்லை என்பதால் அதில் குடும்பத்துக்குத் திரும்ப எதுவும் இல்லை. பின்னாளில் சொந்தப் பணத்தில் வாங்கிய இரண்டாவது சிலிண்டர் இருந்தால் அதற்கு மட்டும் உண்டு. எஸ்.வி. தொலைந்துவிட்டதென்றால் கலங்க வேண்டாம். ஏஜென்சியின் பதிவிலேயே விவரம் இருக்கும், தொலைந்தது என்று எழுத்தில் உறுதிமொழி கொடுத்தால் பார்த்து முடித்துக் கொடுப்பார்கள். ஆனால் இதற்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் லாரிக்குச் சொல்வதற்கு முன்பே அந்தத் தாளைத் தேடிவிடுங்கள்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று, அடுத்து வரும் குடித்தனத்திடமே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்துவிட்டு இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களிடம் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. இணைப்பு ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு இப்படி மாறாது. சட்டப்படி கைமாற்றவும் கூடாது. உங்கள் பெயரில் பதிவான சிலிண்டர் யாரோ ஒருவர் சமையலறையில் இருக்கிறது. அங்கே விபத்து நடந்தால் முதல் விசாரணை உங்களிடம் வரும். சிலிண்டரை வாங்கியவருக்கும் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் காப்பீடு பதிவான நுகர்வோரின் இருப்பிடத்தைச் சார்ந்தது.

இந்தத் தவறு உடனே வெளியே தெரிவதில்லை. மதுரையில் புது இணைப்புக்கு ஆதாரைக் கொடுத்ததும் "உங்கள் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது" என்று கணினி காட்டும்போதுதான் தெரியவரும். ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்புதான். மூன்று கம்பெனிகளின் பட்டியலையும் சேர்த்தே பார்க்கிறார்கள், ஆகவே இன்டேனில் இருந்ததை மறைத்து பாரத்காஸிலோ எச்.பி.யிலோ வாங்கவும் முடியாது. பழைய இணைப்பை முடித்தால்தான் புதியது. முடிக்க வேண்டுமானால் சிலிண்டர் வேண்டும். அது குரோம்பேட்டையில் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

ஏஜென்சியில் டி.வி. வாங்கும்போது அதில் திருப்பிய தொகை, சிலிண்டர் எண்ணிக்கை, உங்கள் பெயரின் எழுத்து எல்லாம் சரியா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியலும் இதில் வேறு இனிஷியலும் இருந்தால் புது ஊரில் மறுபடி நடக்க வேண்டிவரும். முன்பே பதிவு செய்து இன்னும் வராத சிலிண்டர் இருந்தால் அதையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் தர இழுத்தடித்தாலோ, டி.வி. தர மறுத்தாலோ மூன்று கம்பெனிகளுக்கும் பொதுவான 1800 2333 555 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். மின்சாரத்தில் ரீடிங்கோ பில்லோ தவறாக வந்தால் மின்னகத்தின் எண் 94987 94987. இந்த இரண்டாவது எண்ணை ஊர் மாறிய பிறகும் சில வாரம் வைத்திருங்கள், ஏனென்றால் நீங்கள் இருந்த நாட்களுக்கான பில் நீங்கள் போன பிறகுதான் வருகிறது.